டி.டி. ஊசி போட்ட பிறகும் விரலில் சீழ் வைத்திருக்கிறது

வரப்புவழி | புதன், மாலை 6.40

அப்பாவுக்கு வயது 61. போன சனிக்கிழமை காலையில் மாட்டுக்குப் புல் அறுக்கும்போது கருக்கரிவாள் இடது கை நடுவிரலில் இழுத்துவிட்டது. உள்ளங்கைப் பக்கம், சுமார் 2 செ.மீ. நீளம். ஊரிலிருக்கும் கிளினிக்கில் அன்றைக்கே டி.டி. ஊசி போட்டார்கள், தையல் போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து அப்பி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டிவிட்டார். அதன்பிறகு பிரிக்கவே இல்லை.

இன்று பிரித்தால் காயத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருக்கிறது, ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கசிகிறது. ராத்திரியில் விண்விண் என்று தெறிக்கிறதாம். எட்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். ஊசி போட்டும் ஏன் சீழ் வைத்தது? மருந்து சரியில்லையா? இன்னொரு டி.டி. போடலாமா?

மருதத்தான் | புதன், மாலை 7.05

தம்பி, டி.டி.யை 24 மணி நேரத்துக்குள்ள போட்டிருக்காங்க, அது போதும், ஆறு மாசம் தாங்கும். இப்ப பண்ண வேண்டியது புண்ணைச் சுத்தம் பண்றது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்துங்க, பொங்கிக்கிட்டு நுரை வரும், சீழ் எல்லாம் வெளிய வந்துடும். அப்புறம் மெடிக்கல்ல அமாக்சிசிலின் 500 கேட்டு வாங்கி மூணு நாள் கொடுங்க. காத்தாட விட்டா சீக்கிரம் ஆறிடும்.

கட்டறை அக்கா | புதன், இரவு 7.50

வரப்புவழி, முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன். டி.டி. ஊசிக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த ஊசி இரண ஜன்னிக் கிருமி கக்கும் நஞ்சுக்கு எதிராக மட்டும் உடம்பைத் தயார் செய்கிறது. சீழ் வைப்பது வேறு கிருமிகள். பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ், சில நேரம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். ஆகவே ஊசி மருந்து மேல் குற்றமில்லை. நான்கு நாள் பிரிக்காத கட்டும் சர்க்கரையும்தான் காரணம். சீழுக்காக இன்னொரு டி.டி. போட்டும் பயனில்லை.

அடுத்து, இது வீட்டில் வைத்துப் பார்க்கிற புண் இல்லை. விரல், சர்க்கரை, சீழ் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. நாளைக் காலை முதல் வேலையாக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன் இன்று இரவே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும், இப்போதே பாருங்கள். விரல் முழுக்க ஒரே சீராக வாழைப்பழம் மாதிரி வீங்கியிருக்கிறதா? தானாகவே அரைகுறையாக மடங்கி நிற்கிறதா? உள்ளங்கைப் பக்கம் விரலின் அடிவரை தடவி அழுத்தினால் நெடுகவும் வலிக்கிறதா? நீங்கள் நுனியைப் பிடித்து மெல்ல நீட்டினால் அலறுகிறாரா? விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் ஓடுகிறது. சீழ் அந்த உறைக்குள் இறங்கினால் இந்த நான்கும் வரும். ஒன்றிரண்டு இருந்தாலே விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உறையைத் திறந்து கழுவத் தாமதமானால் விரல் அப்படியே விறைத்துப் போகும்.

மோதிரம் போட்டிருந்தால் இப்போதே சோப்பு தடவிக் கழற்றிவிடுங்கள். இன்னும் வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வரப்புவழி | புதன், இரவு 8.15

பார்த்தேன் அக்கா. வீக்கம் காயத்தைச் சுற்றி மட்டும்தான், நுனி சாதாரணமாக இருக்கிறது. நீட்டினால் காயம் இழுத்து வலிக்கிறது, அலறவில்லை. அடிவிரலை அழுத்தினால் வலி இல்லை. மோதிரம் இல்லை. காய்ச்சல் 99.4. இன்று ராத்திரிக்கு எப்படிக் கழுவிக் கட்டுவது? மஞ்சள் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஒட்டியிருக்கிறது.

கட்டறை அக்கா | புதன், இரவு 8.40

அப்படியானால் காலைவரை சமாளிக்கலாம்.

முதலில் உங்கள் கையைச் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவுங்கள். மஞ்சளைப் பிய்க்காதீர்கள், பிய்த்தால் அதோடு புதிதாக வளர்ந்த தசையும் வந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தட்டையாக ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டு, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். சுத்தமான கிண்ணத்தில் ஊற்றி விரலைப் பத்து நிமிடம் அதில் வையுங்கள். சூட்டை நீங்கள் உங்கள் கையால் பாருங்கள், அவர் சொல்வதை நம்பாதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்குச் சில நேரம் சூடு தெரியாமல் வெந்துவிடும்.

ஊறியதும் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடமாவது பிடியுங்கள். நீங்கள் குடிக்கிற தண்ணீரே போதும். வாய்க்கால், குளத்துத் தண்ணீர் மட்டும் வேண்டாம். குழாய் இல்லையென்றால் 20 மி.லி. சிரிஞ்சில் ஊசியைக் கழற்றிவிட்டு, அந்த உப்புத் தண்ணீரைக் காயத்துக்குள் பீச்சுங்கள், அரை லிட்டர் தீரும்வரை. கிருமியை விரட்டுவது தண்ணீர் அடித்துக்கொண்டு போகிற வேகம்தான், மருந்தின் வாசனை இல்லை. சோப்பு சுற்றியுள்ள தோலுக்கு மட்டும்.

சீழைப் பிதுக்காதீர்கள். தானாக வடிவது வடியட்டும். பிதுக்கினால் பாதி வெளியே வரும், மீதி ஆழத்துக்குள் தள்ளப்படும்.

காஸ் துணியால் ஒற்றி எடுங்கள். பஞ்சு வேண்டாம், இழை ஒட்டிக்கொண்டு அதுவே கிருமிக்குக் கூடாகிவிடும். மேலே காஸ் வைத்து, ரத்த ஓட்டம் தடைபடாத அளவுக்குத் தளர்வாகச் சுற்றுங்கள். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். படுக்கும்போது கையை இரண்டு தலையணை மேல், நெஞ்சுக்கு உயரமாக வைக்கச் சொல்லுங்கள். அந்த விண்விண் பாதி குறையும்.

மருதத்தான் அண்ணே, பெராக்சைடு பொங்குவது சீழ் வெளியேறுவதால் இல்லை. ரத்தத்திலும் தசையிலும் இருக்கிற ஒரு நொதி அதைப் பிரித்து வாயுவாக்குகிறது, புத்தம் புதிய காயத்தில் ஊற்றினாலும் அப்படித்தான் பொங்கும். கிருமியோடு ஆறிவருகிற திசுவையும் சுட்டுவிடும். கலக்காத டெட்டாலும் ஸ்பிரிட்டும் அதே கதைதான். அமாக்சிசிலினும் இங்கே கேட்காது. தோலில் சீழ் வைக்கும் ஸ்டாஃபில் பெரும்பாலானவை அந்த மருந்தையே உடைக்கும் பொருளைச் சுரக்கின்றன. மூன்று நாள் கொடுத்து நிறுத்தினால் சீழ் பாதியில் அமுங்கி, பிறகு கிளம்பும்.

மருதத்தான் | புதன், இரவு 9.00

சரிம்மா, பெராக்சைடை விட்டுடறேன். ஆனா மஞ்சளைக் குத்தம் சொல்றது ஏத்துக்க முடியல. மஞ்சள் கிருமிநாசினின்னு ஆராய்ச்சியே இருக்கு.

கட்டறை அக்கா | புதன், இரவு 9.20

ஆய்வுக்கூடத்தில் மஞ்சளின் சாரத்துக்குக் கிருமியைத் தடுக்கும் தன்மை இருப்பது உண்மைதான். அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தூள் அந்தச் சாரம் இல்லையே. மில்லில் அரைத்தது, கரண்டி போய்வருவது. நான் வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. மஞ்சள் நிறம் எல்லாவற்றையும் மூடிவிடும். சிவப்பு எதுவரை போயிருக்கிறது, கசிவது சீழா வெறும் நிணநீரா என்று எதுவும் தெரியாது. ஊதா நிற மருந்து பூசுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். பவிடோன் அயோடின் போடுவதாக இருந்தாலும் வெளிறிய டீ நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து சுற்றிலும் துடைத்தால் போதும், உள்ளே குளம் கட்ட வேண்டாம்.

இன்னொன்று. ஆறுகிற புண்ணின் அடியில் மஞ்சளாக ஒரு படலம் படியும், துடைத்தாலும் வராது. அது சீழ் இல்லை. சீழ் கெட்டியாக ஒழுகும், நாறும், துடைக்கத் துடைக்கச் சுரக்கும். முதல் இரண்டு நாள் காயத்தின் ஓரம் சில மில்லிமீட்டர் சிவந்திருப்பதும் ஆறும் வழிதான். இரண்டு நாளுக்குப் பிறகு வலி குறைவதற்குப் பதில் கூடினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

குட்டியம்மா | புதன், இரவு 9.35

என் பையனுக்கு 12 வயது, மூன்று நாளைக்கு முன் கண்ணாடித் துண்டு காலில் கீறிவிட்டது. 24 மணி நேரம் தாண்டிவிட்டதால் டி.டி. போட்டுப் பிரயோஜனம் இல்லையா? அப்போ இனி என்ன செய்வது, பயமாக இருக்கிறது.

தடுப்பூசிக்காரன் | புதன், இரவு 10.10

குட்டியம்மா, 24 மணி நேரக் கணக்கு ஊர்ப்பேச்சு. சீக்கிரம் போடுவது நல்லது, ஆனால் தாமதமாகிவிட்டது என்பதற்காகப் போடாமல் விடவே கூடாது. இரண ஜன்னி வெளியே தெரியப் பொதுவாக 3 முதல் 21 நாள் ஆகும். ஊசியைவிட முக்கியம் உங்கள் பையனின் தடுப்பூசி அட்டை. பிறந்த 6, 10, 14ஆம் வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று, 5 வயதில் ஒன்று, 10 வயதில் பள்ளியில் ஒன்று போட்டிருப்பார்கள். இவை எல்லாம் இருந்தால் கடைசி ஊசி இரண்டு வருடம் முந்தியது. அவனுக்கு இப்போது ஒன்றும் தேவையில்லை. கண்ணாடித் துணுக்கு உள்ளே இல்லையே என்று மட்டும் பாருங்கள்.

மருதத்தான் ஐயா, 'ஆறு மாசம் தாங்கும்' என்பதும் தவறு. அடிப்படை மூன்று ஊசியும் முறையாகப் போட்டவருக்குச் சுத்தமான சிறு காயம் என்றால் கடைசி ஊசியிலிருந்து 10 வருடம், மண்ணோ சாணியோ பட்ட காயம் என்றால் 5 வருடம் தாண்டினால்தான் மறு ஊசி. ஒவ்வொரு கீறலுக்கும் போட்டுக்கொண்டே இருந்தால் போட்ட கை தோள்முதல் முழங்கைவரை வீங்கிச் சிவக்கலாம்.

வரப்புவழி, எனக்குக் கவலை தருவது உங்கள் அப்பாதான். இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978இல், எல்லா மாவட்டத்துக்கும் விரியத் தொடங்கியது 1985இல். அவர் பிறந்தது அதற்கு முன். அம்மாக்களுக்குப் பிரசவக் காலத்தில் டி.டி. போட்டிருப்பார்கள். அப்பாக்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் வாழ்நாளில் மொத்தம் எத்தனை டி.டி. போட்டிருக்கிறார்? நான்கு வார இடைவெளி விட்டுப் போட்டது என்றால் எப்போது போட்டதும் கணக்கில் சேரும். மூன்று தேறவில்லை என்றால் சனிக்கிழமை போட்டது அவருக்கு வெறும் முதல் ஊசி. முதல் ஊசியில் உடம்பு பாதுகாப்பு அளவுக்கு எதிர்ப்பொருள் செய்யாது.

கொல்லுப்பட்டறை | புதன், இரவு 10.30

அரிவாளில் துரு இருந்ததா? துரு இருந்தால்தானே ஜன்னி வரும். கருக்கரிவாள் தினம் தீட்டுவது, துரு இருக்காது.

தடுப்பூசிக்காரன் | புதன், இரவு 10.45

துரு ஜன்னியைத் தராது. அந்தக் கிருமியின் விதை மண்ணிலும், மாடு குதிரைகளின் சாணத்திலும் இருக்கிறது. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடப்பதால் அதன்மேல் பழி. இங்கே பளபளவென்று தீட்டிய அரிவாள்தான், ஆனால் மாட்டுப்புல், தொழுவம், அதே கை. அந்த விதை காற்றுப் படாத இடத்தில்தான் முளைக்கும். எண்ணெயில் குழைத்து அப்பி நான்கு நாள் இறுக்கிக் கட்டிய காயம் அதற்குத் தோதான இடம்.

வரப்புவழி | புதன், இரவு 11.00

அப்பாவைக் கேட்டேன். 'எப்பவோ மாடு முட்டினப்ப ஒண்ணு போட்டாங்க' என்கிறார். வேறு நினைவில்லை. சீட்டும் இல்லை.

தடுப்பூசிக்காரன் | புதன், இரவு 11.10

அப்படியானால் நாளை மருத்துவரிடம் இந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள்: "மண், சாணி பட்ட காயம், இதுவரை இரண்டு டி.டி.க்கு மேல் போட்டதாகத் தெரியவில்லை." அவருக்கு டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் வேண்டுமா என்று கேளுங்கள். அது தடுப்பூசி இல்லை, தயாராக இருக்கிற எதிர்ப்பொருள். போட்டதும் வேலை செய்யத் தொடங்கும். சில வாரம் காக்கும், அதற்குள் தடுப்பூசி உடம்பைத் தயார் செய்துவிடும். 'டி.டி. போட்டாச்சு' என்று மட்டும் சொன்னால் பலர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள்.

கட்டறை அக்கா | புதன், இரவு 11.20

படுக்கும் முன் ஒரு பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் மணியை எழுதிவிடுங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ தோல் மினுமினுப்பாகவோதான் தெரியும். அதனால் புறங்கையால் தடவிச் சூடு எங்கே முடிகிறது, விரலால் அழுத்திக் கெட்டித்தன்மை எங்கே முடிகிறது என்று பார்த்துக் கோடு போடுங்கள்.

விடியும் முன் கோட்டைத் தாண்டி வேகமாக ஏறினாலோ, மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சிவந்த கோடு ஓடினாலோ, கக்கத்தில் நெறி கட்டினாலோ, குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் அடித்தாலோ அப்போதே கிளம்புங்கள். புண்ணைப் பார்த்தால் சிறிதாக, வலி மட்டும் தாங்க முடியாததாக இருப்பதும், தோல் கருநீலமாகிக் கொப்புளம் கிளம்புவதும், அந்த இடம் மரத்துப்போவதும் இன்னும் மோசம். தோலுக்கு அடியில் தசை உறை அழுகும்போது அப்படித்தான் இருக்கும், சில மணி நேரத்தில் பரவும். பேச்சு குழறினாலோ மூச்சு வாங்கினாலோ 108.

காய்ச்சல் மாத்திரை கொடுப்பதற்கு முன் அளந்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். டைக்ளோஃபெனாக் வேண்டாம், சர்க்கரைக்காரர் சிறுநீரகத்துக்கு ஆகாது.

வரப்புவழி | வியாழன், மதியம் 2.30

காலை ஆறு மணிக்குப் பார்த்தபோது கோட்டை ஒரு விரற்கடை தாண்டியிருந்தது. காய்ச்சல் 101. கக்கத்தில் சுண்டைக்காய் அளவு நெறி, தொட்டால் வலி. நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட்டோம். சர்க்கரை 286. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பில் ஒன்றுமில்லை. விரலை மரக்கவைத்து கீறினார்கள், ஒரு டீஸ்பூன் சீழ் வந்தது, நடுவில் புல்லின் சிறு துணுக்கு. சீழைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஊசியாக ஆன்டிபயாடிக், சர்க்கரைக்கு இரண்டு நாள் இன்சுலின். நீங்கள் சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன். இம்யூனோகுளோபுலின் 500 யூனிட் இடுப்பில் போட்டார்கள். சனிக்கிழமை போட்டதை முதல் ஊசியாக வைத்து, நான்கு வாரத்தில் ஒன்று, அதிலிருந்து ஆறு மாதம் கழித்து ஒன்று என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். 'டி.டி.' என்று எழுதாமல் 'Td' என்று இருக்கிறது, அது வேறா?

தடுப்பூசிக்காரன் | வியாழன், மாலை 4.00

அரசு மருத்துவமனைகளில் 2019 முதல் டி.டி.க்குப் பதிலாக வருவது அதுதான். இரண ஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் பாதுகாப்பு. அளவு அதே அரை மி.லி.

மருதத்தான் | வியாழன், மாலை 4.30

பரவலா 250 யூனிட்தானே போடுவாங்க? 500 ஏன்? ஏற்கெனவே அஞ்சு நாள் ஆச்சே, இனிமே போட்டு என்ன?

தடுப்பூசிக்காரன் | வியாழன், மாலை 5.10

வழக்கமான அளவு 250தான் ஐயா, அதில் நீங்கள் சொல்வது சரி. 24 மணி நேரம் தாண்டிய காயத்துக்கும் மிக அழுக்கான காயத்துக்கும் 500 என்று சில நாடுகளின் வழிமுறையில் இருக்கிறது, சிலவற்றில் எல்லாவற்றுக்கும் 250. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஐந்து நாளுக்குப் பிறகும் பயனுண்டு, ஏனென்றால் கிருமி இன்னும் நஞ்சைச் சுரந்துகொண்டிருக்கலாம். நரம்புக்குள் ஏற்கெனவே ஏறிவிட்ட நஞ்சை மட்டும் அதனால் மீட்க முடியாது. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், நஞ்சை முறிக்காது. அதனால் சீழ் வற்றிய பிறகும் காயம்பட்ட நாளிலிருந்து 21 நாள் அவரைக் கவனியுங்கள். தினம் காலையில் அவருடைய மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுங்கள். முந்தாநாள் நுழைந்தது இன்று நுழையவில்லை, தாடை இறுகுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை, கழுத்து விறைக்கிறது என்றால் அதுதான் தொடக்கம். காயம் ஆறிப்போய்விட்டதே என்று ஏமாறக் கூடாது.

வரப்புவழி | வெள்ளி, காலை 8.20

நேற்று ராத்திரியும் சிவப்பு கோட்டை அரை செ.மீ. தாண்டியிருக்கிறது. மருந்து கேட்கவில்லையா? காய்ச்சல் 99.8க்கு இறங்கிவிட்டது.

கட்டறை அக்கா | வெள்ளி, காலை 9.00

முதல் ஒன்றிரண்டு நாள் அப்படி ஓரிரு மில்லிமீட்டர், அரை செ.மீ. நகர்வது உண்டு. செத்த கிருமியின் உடலுக்கும் தோல் சிவக்கும். காய்ச்சல் இறங்குகிறதா, வலி குறைகிறதா, கெட்டித்தன்மை இளகுகிறதா என்பதைப் பாருங்கள். உங்களுக்கு மூன்றில் ஒன்று தெரிகிறது. இரண்டு நாள் முடிந்தும் இறங்காவிட்டால் மீதிச் சீழ் உள்ளே அடைபட்டிருக்கலாம், அல்லது அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கலாம். பரிசோதனை முடிவு வந்ததும் அதைப் பார்த்து மருந்து மாற்றுவார்கள். ரவுண்ட்ஸில் டாக்டரிடம் இந்தக் கோட்டைக் காட்டுங்கள், அழிக்கவேண்டாம்.

வரப்புவழி | ஞாயிறு, இரவு 7.15

சிவப்பு கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, நெறி சுருங்கியிருக்கிறது. பரிசோதனையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ். மருந்தை மாத்திரையாக மாற்றியிருக்கிறார்கள். தினமும் கட்டுப் பிரிக்க வரச் சொல்கிறார்கள். மூன்று விரல் நுழைகிறது. அம்மா மட்டும், கட்டு பிரித்த பிறகு மஞ்சள் போட்டால் தழும்பு வராதாமே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கட்டறை அக்கா | ஞாயிறு, இரவு 7.40

புண் முழுவதும் மூடித் தோல் வந்த பிறகு மேலே பூசிக்கொள்ளட்டும், அம்மாவோடு சண்டை வேண்டாம். அதற்கு முன் ஒரு சிட்டிகையும் கூடாது. விரலை மடக்கி நீட்டும் பயிற்சி எப்போது தொடங்கலாம் என்று நாளைக் கட்டுப்போடும் இடத்தில் கேளுங்கள். அசைக்காமலே வைத்திருந்தால் சீழ் போயும் விரல் மடங்காது.

குட்டியம்மா | ஞாயிறு, இரவு 8.05

பையனின் அட்டையைத் தேடி எடுத்துவிட்டேன். 10 வயது ஊசிக்கு எதிரே கட்டம் காலியாக இருக்கிறது. பள்ளியில் போட்டதாக அவன் சொல்கிறான், எந்தத் தேதி என்று தெரியவில்லை. இதைப் போட்டதாக எடுத்துக்கொள்வதா?

தடுப்பூசிக்காரன் | ஞாயிறு, இரவு 8.30

எழுத்தில் இல்லாததைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பள்ளியின் பதிவேட்டிலோ பகுதிச் சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டிலோ பெயர் இருக்கும், நாளைக்கே கேளுங்கள். கிடைக்காவிட்டால் 5 வயது ஊசிதான் கடைசி. ஏழு வருடம் ஆகிவிட்டது. கண்ணாடி கிடந்தது வீட்டுக்குள்ளா, தெருவிலா?

குட்டியம்மா | ஞாயிறு, இரவு 8.40

தெருவில், சாக்கடை ஓரம்.

தடுப்பூசிக்காரன் | ஞாயிறு, இரவு 8.45

அப்படியென்றால் அழுக்குக் காயம், 5 வருடம் தாண்டிவிட்டது. பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் நாளையே ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு Td போட்டுவிடுங்கள். அடிப்படை ஊசிகள் இருப்பதால் இம்யூனோகுளோபுலின் வேண்டியதில்லை. போட்டதும் தேதியை அட்டையில் எழுதி வாங்காமல் வராதீர்கள்.